அந்தக் கோடு புத்தகத்துடையதா, பழைய மாணவருடையதா?

"சார், பார்வை இல்லாத ஒரு பெண் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். அவருக்காக நாங்கள் சிலர் சேர்ந்து பள்ளித் தமிழ்ப் புத்தகங்களைப் போனில் படம் எடுத்து, படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்து அனுப்புகிறோம். எல்லாம் பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. பென்சில் கோடு, மஞ்சள் ஹைலைட்டர், பேனா வட்டம் என்று பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது இருக்கிறது. எங்களில் ஒருவர் எல்லாவற்றுக்கும் நட்சத்திரக் குறி போட்டுக் காட்டுகிறார், இன்னொருவர் எதையுமே காட்டுவதில்லை. படத்தில் இருப்பதை அப்படியே கொடுப்பதுதானே நேர்மை? எது சரி?"
– வாசகி, திருநெல்வேலி

வணக்கம். இரண்டு பேர் செய்வதும் சரியில்லை, ஆனால் எதையும் காட்டாதவரால் வரும் சேதம்தான் பெரியது, ஏன் என்பதைக் கீழே ஒரு கேள்வியை வைத்தே காட்டுகிறேன். அதற்கு முன்னால் அந்த நேர்மை விஷயத்தைப் பேசிவிடலாம். நீங்கள் எழுதிக் கொடுப்பது படத்தை அல்ல, புத்தகத்தை. படம் வெறும் வழி. பக்கத்தின் ஓரத்தைப் பிடித்திருக்கும் கட்டைவிரலும் படத்தில்தான் இருக்கிறது, பழைய புத்தகக் கடைக்காரர் உள் அட்டையில் எழுதிய விலையும் இருக்கிறது, அதையெல்லாம் நீங்கள் தட்டச்சு செய்யவில்லையே. அதனால் ஒவ்வொரு கோட்டையும் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இது அச்சகத்திலிருந்து வந்ததா, இல்லை முன்பு இந்தப் புத்தகத்தை வைத்திருந்த பிள்ளை போட்டதா என்பதுதான். அச்சில் இருந்தால் அது புத்தகத்தின் பகுதி. கையால் போட்டதென்றால் அது வேறொருவர் படித்த தடம், நூலின் பகுதி அல்ல.

அச்சில் இருப்பவை எல்லாமும் ஒரே எடையில் இல்லை என்பது அடுத்த விஷயம். இதற்கு நான் பயன்படுத்தும் சோதனை ரொம்ப எளிமையானது. அந்தக் கோட்டை மனசுக்குள் அழித்துவிட்டுப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பக்கத்தில் வேறு எந்த வரியாவது அந்தக் கோட்டை நம்பி நிற்கிறதா? நின்றால் கட்டாயம் சொல்லியே ஆக வேண்டும். யாரும் நம்பி நிற்கவில்லை என்றால் அது கண்ணுக்கான அலங்காரமாகவோ, "இது முக்கியம்" என்ற மெல்லிய சாடையாகவோ இருக்கும், அதைச் சொல்வதா வேண்டாமா என்பதை வசதியைப் பார்த்து முடிவு செய்யலாம்.

சரி, ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். நானே உருவாக்கியதுதான், ஆனால் இந்த மாதிரிக் கேள்வி இல்லாத தமிழ்ப் பாடப்புத்தகம் கிடையாது:

```
5. அடிக்கோடிட்ட சொல்லின் இலக்கணக் குறிப்பு யாது?
   ஓடிய குதிரை நின்றது.
   அ) வினையெச்சம்   ஆ) பெயரெச்சம்
   இ) வினைமுற்று     ஈ) தொழிற்பெயர்
```

புத்தகத்தில் "ஓடிய" என்ற சொல்லுக்குக் கீழே அச்சில் ஒரு கோடு இருக்கிறது. அதற்கு மேல், முன்பு படித்த மாணவர் "ஆ" என்ற எழுத்தை நீலப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறார், "இலக்கணக் குறிப்பு" என்ற சொற்களை மஞ்சளால் தேய்த்திருக்கிறார், போதாக்குறைக்கு "நின்றது" என்பதற்குக் கீழே பென்சிலால் ஒரு கோடும் இழுத்திருக்கிறார். வகுப்பில் ஆசிரியர் "இது முற்று, பார்த்துக்கோ" என்று சொல்லியிருப்பார், அதனால் இழுத்திருக்கலாம்.

இப்போது உங்கள் இரண்டு நண்பர்களும் இதை எப்படிக் கொடுப்பார்கள் என்று பாருங்கள். எதையுமே காட்டாதவர் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்குக் கேட்பது "ஓடிய குதிரை நின்றது" மட்டும்தான். எந்தச் சொல்லைப் பற்றிய கேள்வி? ஓடிய என்றால் பெயரெச்சம், நின்றது என்றால் வினைமுற்று, இரண்டுமே விடைகளில் இருக்கின்றன. கேள்வியே செத்துப்போயிற்று. அவர் இலக்கணத்தில் புலியாக இருந்தாலும் பதில் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போடுபவர் கொடுத்தால் "ஓடிய"வுக்கும் நட்சத்திரம், "நின்றது"வுக்கும் நட்சத்திரம், விடையில் "ஆ"வுக்கும் நட்சத்திரம். அடிக்கோடிட்ட சொல் எது என்ற குழப்பம் அப்படியே இருக்க, விடை மட்டும் அழகாக வெளியே வந்துவிட்டது. பயிற்சி செய்ய உட்கார்ந்தவருக்கு விடையை முதலிலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று. இதில் அந்த வட்டம் சரியான விடையின் மேல் இருந்தது நம் அதிர்ஷ்டம், பழைய புத்தகங்களில் தவறான விடையில் வட்டம் போட்டிருப்பதற்குப் பஞ்சமே இல்லை, யாரோ ஒரு பத்தாம் வகுப்புப் பையனின் தப்பை நீங்கள் புத்தகத்தின் குரலில் படித்துக் காட்டியது போல் ஆகிவிடும்.

சரியாகக் கொடுத்தால் இப்படி வரும்:

```
5. அடிக்கோடிட்ட சொல்லின் இலக்கணக் குறிப்பு யாது?
   ஓடிய குதிரை நின்றது. [அடிக்கோடிட்ட சொல்: ஓடிய]
   அ) வினையெச்சம்
   ஆ) பெயரெச்சம்
   இ) வினைமுற்று
   ஈ) தொழிற்பெயர்
```

அச்சுக் கோடு மட்டும் வந்திருக்கிறது, அதுவும் குறியாக இல்லாமல் வார்த்தையாக. குறிப்பை வாக்கியத்தின் நடுவில் சொருகாமல் முடிவில் வைத்திருப்பதையும் கவனியுங்கள். கேட்டுப் படிப்பவருக்கு முதலில் வாக்கியம் முழுசாக ஒரு தடவை காதில் விழ வேண்டும், நடுவில் உடைத்தால் "ஓடிய அடிக்கோடு முடிந்தது குதிரை நின்றது" என்று ஏதோ தந்தி மாதிரி ஆகிவிடும். விடைகளை ஒரு வரிக்கு ஒன்றாகப் பிரித்ததும் அவருக்காகத்தான், கீழ் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

ஏன் நட்சத்திரம் கூடாது என்று உங்கள் நண்பர் கேட்பார். அவர் கண்ணால் பார்க்கிறார், நட்சத்திரத்துக்கு நடுவில் இருக்கும் சொல் பளிச்சென்று தெரிகிறது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வேறு மாதிரி நடந்துகொள்ளும். என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் வழக்கமான நிறுத்தக்குறி அமைப்பில் நட்சத்திரத்தை "ஸ்டார்" என்று வாய்விட்டுச் சொல்லும், ஒரு சொல்லுக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பக்கம் முழுக்க ஸ்டார் ஸ்டார் என்று கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும், வந்ததும் அவர் செட்டிங்கில் போய் நிறுத்தக்குறி வாசிப்பையே அணைத்துவிடுவார், அப்புறம் நீங்கள் போட்ட ஒரு குறியும் அவருக்குப் போய்ச் சேராது. அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னொரு கூத்து. `*ஓடிய*` என்று அனுப்பினால் வாட்ஸ்அப் அந்த நட்சத்திரங்களை விழுங்கிவிட்டுச் சொல்லைத் தடித்த எழுத்தாக்கிவிடும். பார்ப்பவருக்கு அழகு, கேட்பவருக்கு ஒன்றுமே இல்லை. அடிக்கோட்டுக்கு என்று `_ஓடிய_` போட்டாலும் அதே கதைதான், சாய்ந்த எழுத்தாகிவிடும்.

வேர்டு கோப்பில் நிஜமாகவே அடிக்கோடு போட்டுவிட்டால் போதாதா என்றால், போதாது. என்விடிஏ எழுத்தின் தன்மைகளை, அதாவது தடிப்பு, சாய்வு, அடிக்கோடு இதையெல்லாம், நாமாக இயக்கிவிட்டால்தான் சொல்லும், வழக்கமான அமைப்பில் சொல்லாது. ஒரு இடத்தில் நின்று `NVDA+F` அழுத்தினால் அந்த இடத்தின் வடிவமைப்பைச் சொல்லும்தான், ஆனால் எந்தச் சொல்லில் நின்று அழுத்த வேண்டும் என்பது தெரிந்திருந்தால் அவருக்கு இந்த உதவியே தேவையில்லையே. வேர்டில் அடிக்கோடும் போடுங்கள், பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக் குறிப்பும் எழுதுங்கள். கொஞ்சம் பார்வை இருப்பவர்கள் பெரிதாக்கிப் படிக்கும்போது முதலாவது உதவும், கேட்டுப் படிப்பவர்களுக்கு இரண்டாவது. சதுர அடைப்பு ஏன் என்றால், பாடப்புத்தகம் வளைந்த அடைப்பைச் சகட்டுமேனிக்குப் பயன்படுத்தும், சதுர அடைப்பு தமிழ்ப் பாடத்தில் அபூர்வம். கோப்பின் தலையில் ஒரே ஒரு வரி: "சதுர அடைப்புக்குள் இருப்பவை தட்டச்சு செய்தவரின் குறிப்புகள், புத்தகத்தில் இல்லாதவை." எங்காவது புத்தகமே சதுர அடைப்பைப் போட்டிருந்தால் மட்டும் குறிப்பை "தட்டச்சுக் குறிப்பு" என்று தொடங்குங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி, சிக்கலான வகைகள். ஒரே சொல் வாக்கியத்தில் இரண்டு முறை வந்து ஒன்றுக்கு மட்டும் கோடு இருந்தால் சொல்லை மட்டும் சொன்னால் போதாது. "அவன் வருவதாக அவன் தம்பி சொன்னான்" என்பதில் பின்னால் வரும் "அவன்" மட்டும் கோடிட்டிருந்தால் [அடிக்கோடிட்ட சொல்: இரண்டாவது "அவன்"] என்று எழுதுங்கள். இது எளிது.

அடுத்தது இதைவிட நுணுக்கம். வேற்றுமை உருபுப் பாடத்தில் சொல்லின் ஒரு துண்டுக்கு மட்டும் கோடு இருக்கும். "கண்ணன் மரத்தை வெட்டினான்" என்ற வாக்கியத்தில் "தை"க்குக் கீழே மட்டும் கோடு, கேள்வி "அடிக்கோடிட்ட பகுதியில் உள்ள உருபு எது?" என்று வைத்துக்கொள்வோம். உதவி செய்யும் ஆர்வத்தில் [அடிக்கோடு: ஐ உருபு] என்று எழுதினால் விடையைக் கொடுத்துவிட்டீர்கள். தட்டச்சு செய்பவர் பக்கத்தில் தெரிவதைச் சொல்ல வேண்டும், அதை விளக்கக் கூடாது. வெறும் [அடிக்கோடு: தை] என்றாலும் காதில் தை மாதம் என்றுதான் விழும். [அடிக்கோடு: "மரத்தை" என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு மட்டும்] என்றால் கண்ணுள்ள மாணவருக்கு என்ன தெரிந்ததோ அது அப்படியே, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

இதே இடத்தில் வேர்டுக்குப் பதில் எச்டிஎம்எல் பக்கமாகச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐ உருபுக்குத்தான் கோடு என்று நினைத்துக்கொண்டு "த"வுக்கும் அதன் "ை" குறிக்கும் நடுவில் குறிச்சொல்லைச் சொருகாதீர்கள்.

```
சரி:   மரத்<u>தை</u>
தவறு: மரத்த<u>ை</u>
```

இரண்டாவதில் உயிர்மெய் உடைந்து, ஒட்ட எழுத்து கிடைக்காத ஐகாரக் குறி பல உலாவிகளில் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்கும், திரைவாசிப்பானும் அந்தச் சொல்லைப் பிழையாகப் படிக்க வாய்ப்பு அதிகம். "ெ", "ே", "ை" போன்ற குறிகள் எழுத்துக்கு முன்னால் தெரிந்தாலும் யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகின்றன, அதனால் படத்தில் கோடு கொம்பிலிருந்து தொடங்குவதுபோல் இருந்தாலும் முழு உயிர்மெய்யையும் உள்ளே வையுங்கள்.

வட்டங்களுக்கு வருவோம். பேனா வட்டம் பெரும்பாலும் விடைக் குறிதான், விட்டுவிடலாம். அச்சில் வரும் வட்டம் வேறு. மொழி விளையாட்டுப் பகுதியில் நான்கு சொற்கள் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்தை வட்டமிட்டு, "வட்டத்தில் உள்ள எழுத்துகளைச் சேர்த்தால் வரும் சொல் எது?" என்று கேட்பார்கள். நூறு, பலகை, கடல், மரம் என்று இருக்கிறது, வட்டம் முறையே நூ, ல, க, ம் ஆகியவற்றின் மேல். இதற்கு

```
1. நூறு   [வட்டம்: முதல் எழுத்து]
2. பலகை [வட்டம்: இரண்டாம் எழுத்து]
3. கடல்   [வட்டம்: முதல் எழுத்து]
4. மரம்    [வட்டம்: மூன்றாம் எழுத்து]
```

என்று கொடுத்தால் அவர் தானே சேர்த்து நூலகம் என்று கண்டுபிடிப்பார். எழுத்தையே நேராகச் சொல்லலாம், தப்பில்லை, ஆனால் தனி மெய்யைச் சில குரல்கள் சரியாக உச்சரிப்பதில்லை, "ம்" என்பது சட்டென்று நழுவிப்போகும், அதனால் எண்ணிக்கை பாதுகாப்பு. எண்ணும்போது தமிழ் எழுத்துக் கணக்கில் எண்ணுங்கள், "ம்" ஒரே எழுத்து. கணினி அதை மகரம் ஒன்று, புள்ளி ஒன்று என்று இரண்டாக எண்ணும், எழுத்தெண்ணும் மென்பொருளை நம்பி நான்காம் எழுத்து என்று போட்டுவிடாதீர்கள்.

பாடத்துக்குள் வரும் தடித்த எழுத்துகள், கலைச்சொல் முதல் முறை வரும்போது அழுத்தமாக அச்சிடுவது, இவற்றை வேர்டில் தடித்த எழுத்தாகவே விட்டுவிடுங்கள், அடைப்புக்குறிப்பு வேண்டாம். கீழே "தடித்த சொற்களின் பொருள் தருக" என்று ஒரு பயிற்சி இருந்தால் மட்டும் பாடத்தின் முடிவில் [இப்பாடத்தில் தடித்த எழுத்தில் உள்ள சொற்கள்: ...] என்று ஒரே வரியில் தொகுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் குறிப்பு போட்டால் பாடத்தைத் தொடர்ந்து கேட்கவே முடியாது. பக்கத்தின் நடுவே வண்ணப் பின்னணியில் "தெரியுமா?" என்று வரும் பெட்டிச் செய்திகளை ஹைலைட் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், [பெட்டிச் செய்தி] என்று தொடங்கி [பெட்டிச் செய்தி முடிந்தது] என்று முடித்தால் சரி.

இப்போது நடைமுறைக் கேள்வி. அச்சுக் கோடா கைக்கோடா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் பார்த்ததுமே தெரிந்துவிடும். அச்சுக் கோடு முழுக்க ஒரே தடிமன், எழுத்தின் அடியிலிருந்து எங்கும் ஒரே தூரம், சொல் தொடங்கும் இடத்தில் தொடங்கி முடியும் இடத்தில் கச்சிதமாக முடியும், அதே பயிற்சியின் மற்ற கேள்விகளிலும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். கைக்கோடு சரியும், சொல்லைத் தாண்டி ஓடும், "கு", "சு", "ழு" போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியை வெட்டிக்கொண்டு போகும். ஸ்கேல் வைத்துக் கறுப்புப் பேனாவால் போடும் ஒழுங்கான பிள்ளைகள்தான் நம்மைப் படுத்துவார்கள். அப்போது ஒரு கேள்வியை மட்டும் பார்க்காமல் பயிற்சி முழுவதையும் பாருங்கள்: "அடிக்கோடிட்ட சொல்" என்று கேட்கும் பத்துக் கேள்வியிலும் ஒவ்வொரு கோடு இருந்து, ஐந்தாவதில் மட்டும் இரண்டு இருந்தால் ஒன்று வெளியாள். புத்தகம் உங்கள் கையிலேயே இருப்பதால் இன்னொரு வசதி, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பந்துமுனைப் பேனா பின்பக்கம் மேடு தட்டியிருக்கும், அச்சு அப்படித் தட்டாது.

படம் மட்டும்தான் இருக்கிறது, புத்தகம் வேறு ஊரில் என்றால், முதலில் போனின் ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளை ஆக்கும் வடிகட்டியைத் தூக்கி எறியுங்கள். நீலம், கறுப்பு, பென்சில் எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டால் வித்தியாசம் தெரிய வழியே இல்லை, ஆரஞ்சு, பச்சை ஹைலைட்டர் அடர்ந்த இடங்களில் அச்சே கறுத்து மறைந்துவிடும். வண்ணப் படமாகவே அனுப்பச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கணினியில் கிம்ப் போன்ற ஒரு படமென்பொருள் இருந்தால் வண்ணச் சானல்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம்: சிவப்பு சானலில் மஞ்சளும் ரோஸும் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும், அடியில் இருக்கும் அச்சு தெளிவாகத் தெரியும், நீல சானலில் நீலப் பேனா வெளிறிவிடும், கறுப்பு அச்சு இரண்டிலும் கறுப்பாகவே நிற்கும். நீல சானலில் வெளிறிப்போன கோடு நீலப் பேனாவுடையது, அவ்வளவுதான். பென்சிலுக்கும் கறுப்புப் பேனாவுக்கும் இந்த வித்தை உதவாது.

எல்லாவற்றுக்கும் மேல், சுத்தமான பிரதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் பள்ளிப் புத்தகங்களைப் பிடிஎஃப்பாக இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. சந்தேகம் வரும் பக்கத்தை அதில் திறந்து பார்த்தால் அரை நிமிட வேலை. அது இருக்கும்போது எதற்குத் தட்டச்சு என்று யாராவது கேட்டால், தமிழ்ப் பிடிஎஃப் பலவற்றில் எழுத்துரு யூனிகோடு இல்லை, நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும், திரைவாசிப்பானும் அந்தக் குப்பையைத்தான் படிக்கும் என்று சொல்லுங்கள். பதிப்பை மட்டும் சரிபாருங்கள், 2018–19 முதல் பாடத்திட்டம் படிப்படியாக மாறியது, பழைய கடையில் வாங்கியது அதற்கு முந்தையதாக இருந்தால் இணையத்தில் இருக்கும் இன்றைய புத்தகத்தில் அந்தப் பக்கமே இருக்காது. (அப்படி ஒரு பழைய பதிப்பைக் குரூப் 4க்காகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்களா என்பதையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள், அது இந்தக் கோடுகளைவிடப் பெரிய பிரச்சினை.)

பார்த்தும் தீரவில்லை என்றால்? கேள்வி வரியில் இருந்தால் வைத்துக்கொண்டு சந்தேகத்தையும் எழுதுங்கள்: [அடிக்கோடு: நின்றது. கையால் போட்டதாக இருக்கலாம்]. பாடத்தின் உள்ளே இருந்தால் விட்டுவிடுங்கள். பாடத்தில் ஒரு கோடு விடுபட்டால் ஒன்றும் குடி முழுகாது, கேள்வியில் விடுபட்டால் கேள்வியே போகும்.

கைக்குறிகளை எப்போதுமே தூக்கிப்போட வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு வகை உண்டு, புத்தகத்தின் பிழையை ஆசிரியர் சொல்லிப் பிள்ளைகள் திருத்தியிருப்பார்கள், இரண்டு விடைகள் ஒரே மாதிரி அச்சாகியிருக்க ஒன்றை அடித்துப் பக்கத்தில் வேறு எழுதியிருக்கும். அப்போதும் அச்சில் இருப்பதை அப்படியே கொடுத்துவிட்டு, சுத்தமான பிரதியிலோ பின்னால் வந்த பதிப்பிலோ திருத்தம் உறுதியானால் மட்டும் [அச்சுப்பிழை. பின்வந்த பதிப்பில்: ...] என்று சேருங்கள். உறுதியாகாவிட்டால் [இரண்டு விடைகளும் புத்தகத்தில் ஒன்றாகவே உள்ளன] என்றால் போதும், அவர் தன் செவி தவறிவிட்டதோ என்று நாலு முறை திரும்பக் கேட்க மாட்டார்.

இன்னொன்று, அவர் விருப்பம். கண்ணுள்ள ஒரு மாணவர் அதே பழைய புத்தகத்தை வாங்கினால் முன்னவர் மஞ்சள் தேய்த்த வரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நல்ல மாணவர் வைத்திருந்த புத்தகம் என்றால் அது பெரிய உதவி, கடையில் சில பேர் அதைப் பார்த்தே வாங்குவார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் அதை நாமாகத் தீர்மானித்து மறைப்பது நியாயமில்லை. கேளுங்கள். வேண்டும் என்றால் புத்தகக் கோப்புக்குள் கலக்காமல் தனிக் கோப்பாகக் கொடுங்கள், பாடத்தின் பெயர், பக்க எண், முன்பு படித்தவர் கோடிட்ட வரி, அவ்வளவுதான், திருப்புதலுக்கு அதை மட்டும் தனியாக ஓடவிட்டுக் கேட்டுக்கொள்வார். விடை வட்டங்களை அந்தக் கோப்பிலும் சேர்க்காதீர்கள், சரிபார்த்த விடைக்குறிப்பு இருந்தால் அதைத் தனியாகக் கொடுப்பதுதான் முறை. ஒருவர் தன் தாத்தா குறிப்பெழுதிய புத்தகத்தைப் பாதுகாக்க எழுத்தாக்குகிறார் என்றால் இதெல்லாம் தலைகீழ், அங்கே கைக்கோடுதான் பிரதானம், ஒவ்வொன்றையும் எந்த மை, எந்த ஓரம் என்று பதிய வேண்டும். உங்கள் வேலை அது இல்லை.

இதுவரை தட்டச்சு செய்து முடித்தவற்றை முதலிலிருந்து திறக்க வேண்டாம். எல்லாக் கோப்பிலும் "கோடிட்ட", "தடித்த", "வட்டமிட்ட", "வட்டத்தில்" என்ற சொற்களைத் தேடுங்கள். இந்தச் சொற்கள் வரும் பயிற்சிகளில்தான் ஒரு குறி தொலைந்தால் கேள்வி உடையும், அந்தப் பக்கங்களின் படங்களை மட்டும் மறுபடி எடுத்துப் பார்த்தால் போதும். தேடும்போது "கோடிட்ட இடங்களை நிரப்புக" ஏராளமாக வரும், அது வெற்றிடத்தைச் சொல்வது, அதைத் தாண்டிப் போங்கள், ஆனால் அந்த வெற்றிடம் வெறும் அடிக்கோட்டு வரிசையாக இருந்தால் பல வாசிப்பான்கள் பேசாமல் கடந்துவிடும், அங்கே [வெற்றிடம்] என்று எழுதிவிடுங்கள். நட்சத்திரம் போட்டவரின் கோப்புகளில் நட்சத்திரத்தை மொத்தமாக ஒரே கட்டளையில் அழித்துவிடாதீர்கள், அவர் போட்ட குறிகளில் அச்சுக் கோடுகளும் கலந்திருக்கின்றன, கேள்விப் பக்கங்களில் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பாக மாற்றிய பிறகு மிச்சத்தை அழிக்கலாம்.